பலவீனமான தயாசைடில் சோடியம் ஏன் இவ்வளவு இறங்குகிறது?

கேள்வி: ஃபியூரோசமைடுதான் அதிகம் சிறுநீர் போக வைக்கிற பலமான மருந்து என்று படித்தேன். ஆனால் வார்டில் சோடியம் 112, 115 என்று வருகிற வயதானவர்கள் அனேகமாகத் தயாசைடு சாப்பிடுகிறவர்கள். பலவீனமான மருந்தில் சோடியம் ஏன் அதிகம் இறங்குகிறது? பொட்டாசியம், கால்சியத்தில் இந்த இரண்டு மருந்துகளுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்:

லேப் ரிப்போர்ட்டில் வருகிற சோடியம் ஒரு செறிவு. உடம்பில் மொத்தம் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதை அது சொல்லாது. இருக்கிற உப்புக்குத் தண்ணீர் கூடுதலா குறைவா என்பதைத்தான் சொல்லும். அதனால் எந்த மருந்து அதிக உப்பை வெளியே தள்ளுகிறது என்று பார்த்தால் விடை கிடைக்காது. எந்த மருந்து, தேவையில்லாத தண்ணீரை வெளியேற்றும் வேலையைக் கெடுக்கிறது என்று பார்க்க வேண்டும். அதில் தயாசைடுதான் மோசம். காரணம், அது வேலை செய்யும் இடம்.

ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீர் சிறுநீரகத்தில் வடிகட்டப்படுகிறது. அதோடு ஏறத்தாழ 25,000 மில்லிமோல் சோடியமும் வருகிறது. நெஃப்ரானின் முதல் பகுதியே அதில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டுக்கொள்ளும். அடுத்து ஹென்லே வளைவின் தடித்த ஏறு பகுதி ஏறக்குறைய கால் பங்கை எடுக்கும். இங்கேதான் ஃபியூரோசமைடு, டோர்செமைடு வேலை செய்கின்றன. அதையும் தாண்டி டிஸ்டல் குழலுக்கு வரும்போது மீட்கப்படுவது 5 முதல் 7 சதவீதம் மட்டுமே. ஹைட்ரோகுளோரோதயாசைடு, குளோர்தாலிடோன், இன்டபமைடு ஆகியவற்றின் இடம் இது. ஃபியூரோசமைடு பலமான மருந்து என்று சொல்வது இந்த அளவு வித்தியாசத்தை வைத்துத்தான். அது சரிதான், ஆனால் உங்கள் கேள்விக்கு அது பாதி விஷயம்.

ஏறு பகுதியை நன்றாகக் கவனியுங்கள். அதன் சுவர் வழியே தண்ணீர் போகாது. ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு என்று சேர்த்துச் செல்லுக்குள் இழுக்கும் கடத்தி அங்கே இருக்கிறது. உப்பு குழாயை விட்டு வெளியே போகும், தண்ணீர் குழாய்க்குள்ளேயே தங்கும். இதனால் ஒரே நேரத்தில் இரண்டு காரியம் நடக்கிறது. குழாய்க்குள் இருக்கிற திரவம் நீர்த்துப்போய் சுமார் 100 மில்லிஆஸ்மோலுக்கு வந்துவிடுகிறது. வெளியே போன உப்பு மெடுல்லாவில் தேங்கி, அதன் ஆழத்தில் 1200 வரை செறிவு ஏறுகிறது. தாகமாக இருக்கும்போது ஏடிஎச் ஹார்மோன் சேகரிப்புக் குழலின் கதவைத் திறந்தால், தண்ணீரை உறிஞ்சி இழுப்பது இந்தச் செறிவுதான்.

ஃபியூரோசமைடு அந்தக் கடத்தியை அடைக்கும்போது இரண்டு காரியமும் சேர்ந்து கெடுகின்றன. சிறுநீரை நீர்க்கச் செய்யவும் முடியாது, செறிவாக்கவும் முடியாது. ஏடிஎச் எவ்வளவு இருந்தாலும் மெடுல்லாவில் இழுக்கும் சக்தி இல்லை. வெளிவரும் சிறுநீர் அனேகமாகப் பாதி சலைன் போல, லிட்டருக்கு 70, 80 மில்லிமோல் சோடியத்தோடு போகிறது. இரத்தத்தின் 140-ஐ விட இது நீர்த்தது. அதாவது உப்போடு சேர்த்துத் தண்ணீரையும் தாராளமாக விட்டுக்கொடுக்கிறது. ஏடிஎச் அளவுக்கு மீறிச் சுரக்கும் நோயில் சோடியம் குறைந்தவர்களுக்கு, உப்போடு ஃபியூரோசமைடையும் சேர்த்துக் கொடுப்பது இதை நம்பித்தான்.

டிஸ்டல் குழல் கார்டெக்ஸில் இருக்கிறது. அங்கேயும் தண்ணீர் போகாத சுவர், உப்பு மட்டும் வெளியேறும். உள்ளே இருக்கும் திரவம் 100-லிருந்து 50 வரை இன்னும் நீர்க்கும். ஆனால் வெளியேறும் உப்பு மெடுல்லாவுக்குப் போவதில்லை, கார்டெக்ஸ் இரத்தத்தோடு போய்விடும். ஆகவே தயாசைடு நீர்க்கச் செய்யும் வேலையை மட்டும் கெடுக்கிறது. செறிவாக்கும் வேலைக்கு ஒரு குறையும் இல்லை. மெடுல்லாவின் செறிவு அப்படியே இருக்கிறது. உப்புப் போனதால் இரத்த அளவு கொஞ்சம் குறைந்து ஏடிஎச் சுரந்தால், தண்ணீர் முழு வேகத்தில் உள்ளே இழுக்கப்படும். உப்பு வெளியே, தண்ணீர் உள்ளே. சோடியம் இறங்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

இதை எண்ணில் பார்த்தால் சந்தேகம் தீரும். வார்டில் பயன்படுகிற சூத்திரம் இது:

```
சிறுநீரில் போன வெறும் தண்ணீர் = சிறுநீர் அளவு × [1 − (சிறுநீர் Na + சிறுநீர் K) / இரத்த Na]
```

ஃபியூரோசமைடு கொடுத்தவரின் ஒரு லிட்டர் சிறுநீரில் சோடியம் 70, பொட்டாசியம் 15, இரத்தச் சோடியம் 140 என்று வைத்துக்கொள்ளுங்கள். 85-ஐ 140-ஆல் வகுத்து 1-லிருந்து கழித்தால் 0.39. ஒரு லிட்டரில் சுமார் 390 மில்லி வெறும் தண்ணீர் வெளியே போயிருக்கிறது. இவருக்குச் சோடியம் ஏறத்தான் வாய்ப்பு.

இப்போது தயாசைடுக்கு வருவோம். கணக்குக்காக நான் அமைத்த ஒரு மாதிரி நோயாளி, ஆனால் இந்த உருவத்தைப் பார்த்திராத மருத்துவர் குறைவு. 68 வயது அம்மா, எடை 45 கிலோ. ரத்த அழுத்த மாத்திரையில் குளோர்தாலிடோன் 12.5 மில்லிகிராம் சேர்த்துப் பத்து நாள் ஆகிறது. தள்ளாட்டம், வாந்தி, இரண்டு நாளாகப் பேச்சில் குழப்பம். பசி இல்லாமல் கஞ்சித் தண்ணீரும் வெந்நீரும்தான் குடித்திருக்கிறார். சோடியம் 114, பொட்டாசியம் 2.8, குளோரைடு 74, பைகார்பனேட் 30. சிறுநீரில் சோடியம் 84, பொட்டாசியம் 42, ஆஸ்மோலாலிட்டி 420.

84-ஐயும் 42-ஐயும் கூட்டினால் 126. இது இரத்தத்தின் 114-ஐ விட அதிகம். சூத்திரத்தில் போட்டால் விடை மைனஸ் 0.1. சிறுநீர் கழிக்கக் கழிக்க, ஒவ்வொரு லிட்டருக்கும் 100 மில்லி வெறும் தண்ணீர் உடம்புக்குள் சேர்கிறது. சிறுநீரை மட்டும் வைத்துப் பார்த்தால், அவர் ஒரு சொட்டும் குடிக்காமல் இருந்தாலும் சோடியம் இறங்கத்தான் செய்யும். அதன்மேல் கஞ்சித் தண்ணீரும் வெந்நீரும். உப்பும் புரதமும் குறைவான சாப்பாட்டில் சிறுநீரில் கரைந்து போக வேண்டிய பொருளே கொஞ்சம்தான். அதனால் தண்ணீரை வெளியே கொண்டுபோக வழி இன்னும் குறுகுகிறது. வயதான, எடை குறைந்த பெண்கள் அதிகம் மாட்டிக்கொள்வதற்கு இதெல்லாம் சேர்ந்ததுதான் காரணம். உடம்பில் மொத்தத் தண்ணீரே 20 லிட்டர் என்றால், ஒரு லிட்டர் கூடினாலும் சோடியம் ஐந்தாறு புள்ளி இறங்கிவிடும்.

பெரும்பாலும் மருந்து ஆரம்பித்த முதல் இரண்டு மூன்று வாரத்தில் இது வரும். ஆனால் வருஷக்கணக்காகச் சாப்பிட்டு வந்தவருக்கும் ஒரு பேதியோ, புதிதாகச் சேர்த்த மனச்சோர்வு மாத்திரையோ, வலி மாத்திரையோ காரணமாகத் திடீரென்று வரலாம். பார்வைக்கு ஏடிஎச் அதிகமாகச் சுரக்கும் நோய் மாதிரியே இருக்கும்: வீக்கம் இல்லை, நாக்கு வறளவில்லை, யூரிக் அமிலம்கூடக் குறைவாக வரும். மாத்திரைப் பட்டையைக் கையில் வாங்கிப் பார்க்காமல் அந்த நோய் என்று எழுதிவிடாதீர்கள். டெல்மிசார்டான் போன்ற பெயருக்குப் பின்னால் எச் என்றோ சிடி என்றோ சிஎச் என்றோ எழுத்து இருந்தால் உள்ளே தயாசைடு இருக்கிறது. நோயாளி "பிரஷர் மாத்திரை ஒண்ணுதான் போடறேன்" என்றுதான் சொல்வார்.

இந்த அம்மாவுக்கு என்ன செய்வது? முதலில் தயாசைடை நிறுத்துவது. வலிப்போ மயக்கமோ இருந்தால் 3 சதவீத சலைன் 100 முதல் 150 மில்லி, 10 முதல் 20 நிமிடத்தில். நான்கிலிருந்து ஆறு புள்ளி ஏறினாலே மூளை வீக்கத்தின் அவசரம் தணிந்துவிடும். வலிப்பு இல்லை, குழப்பம் மட்டும்தான் என்றால் அவசரப்படுவதில்தான் ஆபத்து. 24 மணி நேரத்தில் 8 புள்ளிக்கு மேல் ஏற விடக்கூடாது. பொட்டாசியம் குறைவு, சத்துக் குறைவு, மதுப்பழக்கம், ஈரல் நோய் இவற்றில் எது இருந்தாலும், வேகமாகச் சோடியம் ஏறும்போது மூளைத் தண்டில் நரம்புறை சிதைவது எளிது. இவருக்கு முதல் இரண்டும் இருக்கின்றன. நான் 6 என்று இலக்கு வைப்பேன்.

பலரும் சறுக்குவது பொட்டாசியத்தில். 2.8-ஐப் பார்த்ததும் பொட்டாசியம் குளோரைடு சிரப் 15 மில்லி, தண்ணீரில் கலந்து தினம் மூன்று வேளை என்று எழுதுவோம். ஒரு வேளைக்கு 20 மில்லிமோல், நாளைக்கு 60. கொடுக்க வேண்டியதுதான். ஆனால் செல்லுக்குள் போகும் பொட்டாசியம் அங்கிருந்து சோடியத்தை வெளியே அனுப்புகிறது. ஆகவே சோடியம் கணக்கில் கொடுத்த பொட்டாசியத்தைச் சோடியமாகவே எண்ண வேண்டும். 60-ஐ 20 லிட்டரால் வகுத்தால் 3 புள்ளி. சலைன் ஒரு துளியும் ஏற்றாமலே, ஒரு நாளைய இலக்கில் பாதி சிரப்பிலேயே வந்துவிடும். ஒரு லிட்டர் சாதாரண சலைன் தனியாக ஏற்றினால் சுமார் 2 புள்ளி ஏற வேண்டும். அதிலேயே 40 மில்லிமோல் பொட்டாசியம் கலந்தால் 4 புள்ளியை நெருங்கும்.

இதுவும் காகிதக் கணக்குதான். உண்மையான ஆபத்து அடுத்த நாள் காலையில் வரும். சலைன் போய் இரத்த அளவு சரியானதும் ஏடிஎச் நின்றுவிடுகிறது. மருந்தின் பிடியும் தளர்கிறது. தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமாகத் திறந்துகொள்ளும். யூரின் பை மணிக்கு 300 மில்லி நிறையும். சிறுநீர் தண்ணீர் போல வெளுத்திருக்கும். அதில் சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து 30. இரத்தச் சோடியம் அப்போது 120 என்றால், மணிக்கு 225 மில்லி வெறும் தண்ணீர் போகிறது. 20 லிட்டர் உடம்பில் அது மணிக்கு 1.3 புள்ளிக்கு மேல். ஆறு மணி நேரத்தில் 8 புள்ளி! நேற்று முழுக்க நிதானமாக ஏற்றியது சில மணி நேரத்தில் வீணாகிவிடும். அதனால் மணிக்கொரு முறை சிறுநீர் அளவு, நான்கிலிருந்து ஆறு மணிக்கொரு முறை சோடியம். சிறுநீர் மணிக்கு 100 மில்லியைத் தாண்டினாலே அடுத்த சோடியத்தை முன்கூட்டி அனுப்ப வேண்டும். எல்லை மீறப்போகிறது என்று தெரிந்தால் சலைனை நிறுத்தி, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸும் டெஸ்மோபிரசின் 2 மைக்ரோகிராம் ஊசியும் கொடுத்துச் சிறுநீரைக் கட்டுப்படுத்துவார்கள். சோடியம் வேகமாக ஏறி நோயாளி தெளிந்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டு விட்டுவிடக்கூடாது. நரம்புறைச் சிதைவின் அறிகுறிகள், விழுங்க முடியாமை, பேச்சு குழறல், கைகால் தளர்வு, சில நாள் கழித்துத்தான் வரும்.

ஒருமுறை இப்படி ஆனவருக்கு எந்தத் தயாசைடையும் திரும்பக் கொடுக்கக்கூடாது. அளவைக் குறைத்துப் பார்க்கலாம் என்ற யோசனை வேண்டாம். இது மருந்தின் அளவைவிட ஆளைப் பொறுத்து வருவது. டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் பெயரை எழுதி, இனி வேண்டாம் என்று தெளிவாகக் குறித்துவிடுங்கள்.

ஃபியூரோசமைடு சாப்பிடுபவருக்குச் சோடியமே குறையாது என்று இதற்கு அர்த்தமில்லை. இதயம் தளர்ந்தவர்களுக்கும் ஈரல் சுருங்கியவர்களுக்கும் குறையும். ஆனால் அங்கே பெரும்பாலும் நோயே ஏடிஎச்சைத் தூண்டித் தண்ணீரைத் தேக்குகிறது.

பொட்டாசியத்தில் இரண்டும் ஒரே திசையில்தான் இழுக்கின்றன. இடம் வேறாக இருந்தாலும், மீட்கப்படாத சோடியம் கடைசியில் சேகரிப்புக் குழலுக்கு வந்து சேர்கிறது. அங்கே ஆல்டோஸ்டீரோன் சொல்கேட்டுச் சோடியம் உள்ளே இழுக்கப்பட, பதிலுக்குப் பொட்டாசியமும் ஹைட்ரஜனும் வெளியே போகின்றன. குளோரைடும் கூடவே இழக்கப்படுவதால் பைகார்பனேட் ஏறுகிறது. மேலே 30 என்று வந்தது அப்படித்தான். ஆனால் இங்கேயும் பலவீனமான மருந்துதான் அதிகம் படுத்துகிறது. காரணம் நேரம். ஃபியூரோசமைடு ஒரு வேளை மாத்திரை ஆறு மணி நேரம் வேலை செய்யும். மீதி 18 மணி நேரம் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளோர்தாலிடோனின் அரை ஆயுளோ 40 முதல் 60 மணி நேரம். இரவும் பகலும் விடாமல் பொட்டாசியத்தைக் கசிய வைக்கும். இந்தக் கசிவு மருந்தின் அளவோடு கூடும். அதனால்தான் 50, 100 என்று கொடுத்த காலம் போய் 12.5-இல் ஆரம்பிக்கிறோம்.

கொடுத்த பொட்டாசியம் ஏறவே இல்லை என்றால் மெக்னீசியத்தைப் பாருங்கள். செல்லுக்குள் இருக்கும் மெக்னீசியம்தான் பொட்டாசியம் வெளியேறும் வாசலை அடைத்து வைத்திருக்கிறது. அது குறைந்தால் ஊற்றுவதெல்லாம் சிறுநீரில் போய்விடும். மெக்னீசியத்தில் பெரும்பகுதியை மீட்பது ஏறு பகுதி, டிஸ்டல் குழல் எடுப்பது பத்தில் ஒரு பங்குதான். இருந்தும் நீண்ட நாள் தயாசைடில் மெக்னீசியம் கணிசமாகக் குறையும், ஏனென்றால் அதற்குப் பிறகு மீட்க வேறு இடமே இல்லை. ஏறு பகுதியில் தவறியதைக் கொஞ்சமாவது டிஸ்டல் குழல் பிடித்துக்கொள்ளும்.

கால்சியத்தில்தான் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் போகின்றன. ஏறு பகுதியில் உள்ளே வந்த பொட்டாசியம் திரும்பவும் குழாய்க்குள் கசிவதால் குழாயின் உள்பக்கம் நேர்மின்னாகிறது. அந்த மின்னழுத்தம் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் செல்களின் இடுக்கு வழியே வெளியே தள்ளுகிறது. ஃபியூரோசமைடு கடத்தியை நிறுத்தியதும் மின்னழுத்தம் போய், கால்சியம் சிறுநீரில் ஓடிவிடும். குறைமாதக் குழந்தைகளுக்கு நாள்கணக்காக ஃபியூரோசமைடு கொடுத்தால் சிறுநீரகத்தில் கால்சியம் படிவது இதனால்தான்.

தயாசைடில் உப்பும் நீரும் கொஞ்சம் குறைந்ததும், நெஃப்ரானின் முதல் பகுதி அதை ஈடுகட்ட உப்பை அதிகம் இழுக்கிறது. கால்சியமும் கூடவே வருகிறது. டிஸ்டல் குழலின் செல்லும் தன் பங்குக்குக் கால்சியத்தை எடுத்துக்கொள்கிறது என்றாலும், பெரும்பங்கு முதல் பகுதிக்குத்தான் என்பது என் கணிப்பு. நடைமுறையில் இதற்கு ஒரு நேரடிப் பலன் உண்டு. கால்சியக் கல் திரும்பத் திரும்ப வருபவருக்குத் தயாசைடு எழுதிவிட்டு, ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் வழக்கம்போல் தொடர்ந்தால் மருந்து பலிக்காது. உப்பு ஏறினால் முதல் பகுதி இழுப்பதை நிறுத்திவிடும். இரத்தக் கால்சியம் தயாசைடில் லேசாகத்தான் ஏறும். 10.5-ஐத் தாண்டி, மருந்தை நிறுத்திச் சில வாரம் ஆகியும் இறங்கவில்லை என்றால் பாராதைராய்டு ஹார்மோனைப் பரிசோதிக்க வேண்டும். மறைந்திருந்த சுரப்பிக் கட்டி தயாசைடால் வெளியே தெரிந்திருக்கலாம்.

இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பல வாரம் ஃபியூரோசமைடு ஓடினால், ஏறு பகுதியில் தவறிய உப்பை எல்லாம் பிடித்துப் பிடித்து டிஸ்டல் குழல் தடித்துவிடும். மருந்து கேட்காமல் போகும். அப்போது மெட்டோலசோன் 2.5 மில்லிகிராம் சேர்த்தால் அந்த வாசலும் அடைபட்டு, வீக்கம் கண்முன்னே வடியும். பொட்டாசியமும் அதே வேகத்தில் வடியும். இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் என்று எழுதி, தினமும் எடை, சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பார்ப்பவர்களுக்குத்தான் இந்தச் சேர்க்கை. வீட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் வரச்சொல்லும் மருந்து இது இல்லை.